ஒப்புதலுக்கும் நாள் கணக்கு உண்டு

(நமது அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "செயலாளர் பாய், நம்ம அறக்கட்டளை அறிவிப்பையெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே எழுதுதாமே? அப்ப தப்பு வந்தா யாரைப் போய்க் கேக்கிறது?" என்றார். செருப்பு கிடைத்தது. பதிலை மட்டும் நின்றபடியே சொல்லி முடிக்க முடியவில்லை. இன்று உட்கார்ந்து சொல்கிறேன், அவரும் வந்திருக்கிறார்.

முதலில் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு உதவிக் கோரிக்கை வந்தால் அதை மூன்று இடங்களில் அறிவிக்கிறோம். மஹல்லா வாட்ஸ்அப் குழுவுக்கு நாலு வரி போதும், எல்லோரும் நம்மவர்கள். ஃபேஸ்புக் பக்கத்தைத் துபாயிலும் சவூதியிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பார்ப்பார்கள், அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மீதியைத் தொட்டுத் திறந்தால்தான் தெரியும். ஆக, ஒரே செய்திக்கு மூன்று கேப்ஷன். முன்பெல்லாம் இஷா தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து நானே எழுதுவேன். கோரிக்கைகள் கூடியதும் முடியவில்லை. இப்போது அலுவலகத்துப் பையன் ஒரு மொழி மாதிரியிடம், அதாவது நீங்கள் ஏஐ என்று சொல்வதிடம், விவரத்தைக் கொடுத்து மூன்று வரைவு வாங்குகிறார். நம் டீச்சரம்மா அதைப் படித்து ஒப்புதல் தந்தால்தான் அது பதிவு வரிசையில் ஏறும். நாளும் நேரமும் குறித்துவிட்டால் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தானாக வெளியாகிவிடும். வாட்ஸ்அப்புக்கு மட்டும் கையால் அனுப்புகிறோம்.

இதில் எங்கே தப்பு வரும் என்பதற்கு ஒரு கோரிக்கையை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றுத்தான் பேசுகிறேன், அடையாளம் எதுவும் சொல்ல மாட்டேன்.

நம் சகோதரர் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். சிகிச்சை காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே நடந்தது. கஷ்டம் போக்குவரத்தில்தான். டயாலிசிஸ் முடிந்து வரும் மனிதர் பஸ்ஸில் நின்று வர முடியாது. ஆட்டோவுக்கு ஒரு தடவைக்கு ரூ. 400, மாதத்தில் 8 தடவை, ரூ. 3,200. வெளியில் வாங்கும் மருந்து ரூ. 2,800. மாதம் ரூ. 6,000. மூன்று மாதத்துக்கு ரூ. 18,000 கேட்டார்கள். இவ்வளவுதான் விவரச் சீட்டில் இருந்தது. பெயர், தெரு, மருத்துவமனை, புகைப்படம் எதுவும் அந்தச் சீட்டில் எழுத மாட்டோம், கோரிக்கை எண் மட்டும்தான். கருவிக்குள் ஒருவருடைய நோயையும் பெயரையும் சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டால் அது எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது என்பது நம் கையில் இல்லை.

அது நாங்கள் இந்த வேலையைத் தொடங்கிய புதிது. நடைவிதி எதுவும் கிடையாது. "உதவி கோரி ஒரு கேப்ஷன் எழுது" என்று கேட்டதற்கு இப்படி வந்தது:

"மரணத்தின் பிடியில் ஒரு தந்தை! சிகிச்சைக்குப் பணமின்றித் தவிக்கும் இந்த ஏழைக் குடும்பத்தின் கண்ணீரைத் துடைக்க வாரீர். பச்சிளம் குழந்தைகள் தந்தையின் முகம் பார்த்துக் காத்திருக்கின்றன. இன்றே கடைசி நாள்!"

படித்ததும் பொருளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதையே போடுங்க பாய், பணம் கொட்டும்" என்றார். டீச்சரம்மா சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சிகிச்சைக்குப் பணமில்லை என்பது பொய், சிகிச்சை இலவசம். பச்சிளம் குழந்தைகள் இல்லை. பிள்ளைகளைப் பற்றிச் சீட்டில் ஒரு எழுத்துகூட இல்லை, உண்மையில் மூத்தவர் வேலைக்குப் போகிறார், இளையவர் கல்லூரியில் படிக்கிறார். கடைசி நாள் என்று யாரும் குறிக்கவில்லை. மரணத்தின் பிடி என்பதை அவருடைய மனைவி படித்தால் என்ன ஆகும்? நாலு வாக்கியம், அவ்வளவிலும் சீட்டில் இருந்த உண்மை ஒன்றுகூட இல்லை. ஆட்டோ என்ற சொல்லையே காணோம்!

இது ஏன் நடக்கிறது? மொழி மாதிரி என்பது ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று பழகிய கருவி. உதவி வேண்டும் என்றதும், உலகத்தில் உதவி கேட்டு எழுதப்பட்ட வரிகளெல்லாம் எப்படி ஓடுமோ அந்த வழியில் ஓடுகிறது. அந்த வரிகளில் கண்ணீர் இருக்கும், குழந்தைகள் இருப்பார்கள், கடைசி நாள் இருக்கும். நம் சகோதரர் வீட்டில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று விடாமல் வழக்கமானதைப் போட்டு நிரப்பிவிடுகிறது. அதற்குப் பொய் சொல்லும் நிய்யத் இல்லை, எந்த நிய்யத்தும் இல்லை. நிய்யத் இருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அன்றுதான் நடைவிதி எழுத உட்கார்ந்தோம். பெரிய கம்பெனிகள் இதைப் பிராண்டின் குரல் என்பார்கள். எந்த ஊழியர் எழுதினாலும் கம்பெனி ஒரே ஆள்போலப் பேச வேண்டும் என்பதற்காக வைத்திருப்பது. நமக்கு அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டி, வாங்கியவர் மனம் நோகச் செய்து தர்மத்தைப் பாழாக்கக் கூடாது என்பது சூரத்துல் பகராவின் 264ஆம் வசனத்தின் கருத்து என்பதைச் சின்ன வயதில் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். கொடுப்பவருக்கு மட்டுமல்ல, இடையில் நின்று அறிவிப்பு எழுதுபவருக்கும் அது பொருந்தும் என்று டீச்சரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலில் "கண்ணியமாக எழுது" என்று ஒரு விதி போட்டோம். பலனில்லை. கண்ணியமாக என்றதும் அது "பெருமதிப்பிற்குரிய கொடை வள்ளல்களே" என்று ஆரம்பித்தது. பொதுவான சொல் அதற்கு உதவாது, கையால் தொட்டுக் காட்டும்படியான சொல் வேண்டும். ஆகவே மாற்றி எழுதினோம். சீட்டில் இல்லாத எந்த ஆளையும், எண்ணையும், நாளையும் சேர்க்காதே. உதவி பெறுபவரை 'அவர்' என்றே எழுது. ஏழை, அனாதை, பரிதாபம், கண்ணீர் ஆகிய சொற்கள் வேண்டாம். ஆச்சரியக்குறி வேண்டாம். தேவை என்ன, எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பது முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும். காணிக்கை, பூஜை, நமஸ்காரம் போன்ற சொற்கள் நம் பேச்சில் இல்லை. தொழுகை, துஆ, ஸதகா, வஃபாத் என்று நம் மக்கள் சொல்வதையே எழுது. இதோடு, ஒப்புதல் பெற்ற பழைய கேப்ஷன் இரண்டையும், திருப்பி அனுப்பிய இரண்டையும் காரணத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். விதிகளைவிட அந்த நாலு உதாரணங்கள்தான் அதிக வேலை செய்தன. பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குவது போலத்தான், சொல்லிக் கொடுப்பதைவிட எழுதிக் காட்டுவது படியும்.

மறுபடி கேட்டபோது வாட்ஸ்அப்புக்கு வந்த வரைவு ஏறக்குறைய நேராக இருந்தது. இரண்டு சொல்லை மாற்றி டீச்சரம்மா ஒப்புதல் தந்தது இது:

"நம் மஹல்லா சகோதரர் ஒருவர் வாரம் இருமுறை டயாலிசிஸ் சென்று வருகிறார். சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. ஆட்டோவுக்கும் வெளியில் வாங்கும் மருந்துக்கும் மாதம் ரூ. 6,000 ஆகிறது. 3 மாதத்துக்கு ரூ. 18,000 சேர்க்கிறோம். ஜகாத்தும் தரலாம். அவருடைய நலத்துக்கு துஆ செய்யுங்கள்."

மற்ற இரண்டு வரைவும் அதே சீட்டிலிருந்து வந்தவைதான், அதே விதிதான். ஆனாலும் ஃபேஸ்புக்குக்கு வந்ததில் கடைசியில் ஒரு நபிமொழி ஒட்டிக்கொண்டிருந்தது, கிதாபின் பெயரும் எண்ணும் சேர்த்து. கேட்க மிக அழகாக இருந்தது. ஹழ்ரத் அவர்கள் கிதாபைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த எண்ணில் இருந்த ஹதீஸ் வேறு விஷயம் பற்றியது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லாததைச் சொன்னதாக நம் அறக்கட்டளையின் பெயரில் வெளியிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து, வசனமோ ஹதீஸோ கருவி எழுதவே கூடாது, தேவையென்றால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும், ஹழ்ரத் எழுதித் தருவார்கள் என்பது விதி.

ஜகாத் என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணமே தப்பான இடத்துக்குப் போய்விட்டது. இந்தச் சகோதரர் விஷயத்தில் ஜகாத் தரலாம் என்று ஹழ்ரத் பார்த்துச் சொல்லியிருந்தார்கள், சீட்டிலும் இருந்தது. அதற்கு அடுத்து மதரஸா ஓட்டுக்கூரை பழுதுபார்க்கக் கேட்டோம். சீட்டில் ஸதகா என்றுதான் எழுதியிருந்தோம். வந்த கேப்ஷனில் "உங்கள் ஜகாத், ஸதகாவை வழங்குங்கள்" என்று இருந்தது. இரண்டு சொல்லும் சேர்ந்தே வந்து பழகியதால் கருவி சேர்த்தே எழுதிவிட்டது. டீச்சரம்மா கண்ணுக்கும் தப்பிவிட்டது, என் கண்ணுக்கும்தான். மூன்று வரைவிலும் அதே வரி இருந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. ஒரே கை எழுதிய மூன்று காகிதம் ஒன்றுக்கொன்று சாட்சி ஆகாது என்பது அப்போது எங்களுக்குப் புத்தியில் படவில்லை. இரண்டு குடும்பங்கள் ஜகாத் என்று குறித்துப் பணம் அனுப்பிவிட்டார்கள். ஜகாத் தகுதியுள்ள ஒரு மனிதரின் கைக்கு உரிமையாகப் போய்ச் சேர வேண்டும், கூரைக்குப் போனால் நிறைவேறாது என்பதுதான் நம் இமாம்களின் வழி. இரண்டு வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் சொன்னபடி பணத்தை ஜகாத் கணக்குக்கு மாற்றினோம். ஒரு சொல் கூடுதலாகப் போனதற்கு இந்த விலை.

அதன் பிறகு டீச்சரம்மா படிக்கும் முறையே மாறிவிட்டது. முன்பு கேப்ஷனைப் படித்துவிட்டுச் சீட்டைப் பார்ப்பார். நன்றாக எழுதப்பட்ட வரியை முதலில் படித்தால் மனசு அதை ஒப்புக்கொண்டுவிடுகிறது, பிறகு சீட்டிலும் அதுவே தெரிகிறது. இப்போது சீட்டை முதலில் படிக்கிறார். பிறகு கேப்ஷனில் உள்ள ஒவ்வொரு எண்ணிலும், ஒவ்வொரு நிதிப் பெயரிலும் பென்சிலை வைத்துச் சீட்டில் அதன் இடத்தைத் தொடுகிறார். தொட இடமில்லாத வரி போய்விடும். ஒப்புதல் தந்த பிறகு யாராவது ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ஒப்புதல் ரத்து, மறுபடி அவரிடம் போக வேண்டும். சீட்டு எழுதியவரோ, கருவியை இயக்கியவரோ ஒப்புதல் தர முடியாது. எனக்கும் அந்த உரிமை கிடையாது என்பதில் முதலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, இப்போது நிம்மதியாக இருக்கிறது.

அவரும் மனுஷிதான். சென்ற ரமழானில் அவருடைய சம்மதத்தோடு, எப்போது என்று சொல்லாமல், ஒரு வரைவில் வேண்டுமென்றே தொகையை மாற்றி வைத்தோம். தராவீஹ் முடிந்து, வீட்டு வேலை முடித்து, இரவில் ஐந்து கேப்ஷனை ஒரே மூச்சில் பார்த்தவர் அதையும் ஒப்புதல் செய்துவிட்டார். தெரிந்ததும் அவர்தான் எங்களைவிட அதிகமாக வருந்தினார். குற்றம் அவருடையது இல்லை, நாங்கள் அந்த நேரத்தில் ஐந்தைக் கொடுத்ததுதான். இப்போது ஒரு அமர்வில் மூன்றுக்கு மேல் இல்லை, இரவில் இல்லவே இல்லை. தொடர்ந்து பல வாரம் எதுவும் திரும்பி வராமல் எல்லாம் ஒப்புதலாகிக்கொண்டே இருந்தால், கருவி தேறிவிட்டது என்று சந்தோஷப்படாமல், யாரும் படிக்கவில்லையோ என்று சந்தேகப்படுகிறோம்.

இப்போது அந்தச் சகோதரரின் விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப் அறிவிப்பு ஒரு வெள்ளிக்கிழமை போனது. ஃபேஸ்புக் செவ்வாய்க்கிழமை. இன்ஸ்டாகிராமை அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு என்று வரிசையில் போட்டிருந்தோம். ரூ. 11,000 வந்திருந்தது, முதல் மாதத்துக்கு ரூ. 6,000 அவரிடம் கொடுத்தாகிவிட்டது. புதன் இரவு அவர் வஃபாத் ஆகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வியாழன் ளுஹருக்குப் பிறகு ஜனாஸா. நாங்கள் எல்லோரும் போனோம், மண் போட்டோம். ஒருவருக்கும் வரிசையில் ஒரு கேப்ஷன் காத்திருக்கிறது என்பது ஞாபகமில்லை. வெள்ளி மதியம் அது தானாக வெளியாகிவிட்டது. "வாரம் இருமுறை டயாலிசிஸ் சென்று வருகிறார், அவருடைய நலத்துக்கு துஆ செய்யுங்கள்." வெளியூர் உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஒருவேளை செய்தி தவறோ, உயிரோடு இருக்கிறாரோ என்று அந்த வீட்டுக்கே போன் செய்திருக்கிறார்.

நானும் பொருளாளரும் அஸருக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனோம். இத்தாவில் இருந்த அந்தச் சகோதரி திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "நீங்க எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல காக்கா. எங்க வீட்டுக்காரரைக் கேவலப்படுத்தாம எழுதியிருந்தீங்க. ஆனா ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்."

அந்தக் கேப்ஷனில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. கருவி சரியாக எழுதியது, டீச்சரம்மா சரியாகப் பார்த்தார், ஒப்புதல் முறைப்படி நடந்தது. ஆனால் அந்த ஒப்புதல் பத்து நாள் பழையது. எழுதியது உண்மையா என்று பார்த்தோம், வெளியாகும் நாளில் உண்மையா என்று பார்க்கவில்லை. வரிசைக்கு நேரம் மட்டும்தான் தெரியும், மவ்த் தெரியாது.

பொருளாளர் ஒன்று சொல்வார், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த அழுகை வரியைப் போட்டிருந்தால் பணம் நாலு நாளில் சேர்ந்திருக்கும், அடுத்த வெள்ளி அறிவிப்பே தேவைப்பட்டிருக்காது என்கிறார். இருக்கலாம். என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அப்போது அந்தச் சகோதரி, "கேவலப்படுத்தாம எழுதியிருந்தீங்க" என்று சொல்லியிருக்க மாட்டார். மீதியிருந்த ரூ. 5,000 பற்றிக் கேட்பீர்கள். அந்தச் சகோதரியே ஜகாத் பெறத் தகுதியுள்ளவர் என்று ஹழ்ரத் பார்த்துச் சொன்ன பிறகு, கொடுத்தவர்களுக்குத் தெரிவித்துவிட்டு அவரிடமே ஒப்படைத்தோம்.

இப்போது ஒப்புதலுக்கு மூன்று நாள்தான் ஆயுள். அதற்குள் வெளியாகவில்லையென்றால் அது செல்லாது, மறுபடி சீட்டும் பென்சிலும். வரிசையிலும் மூன்று நாளுக்கு மேல் எதையும் போட்டு வைப்பதில்லை. மஹல்லாவில் ஜனாஸா அறிவிப்பு வந்தால், அலுவலகத்துப் பையன் முதலில் வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குக் கிளம்ப வேண்டும். யாருடைய ஜனாஸா என்று பார்த்துப் பிறகு திறந்துகொள்ளலாம்.

தோள் தொட்டுக் கேட்ட பெரியவருக்குப் பதில்: தப்பு வந்தால் என்னையும் டீச்சரம்மாவையும் கேளுங்கள். ஒவ்வொரு கேப்ஷனுக்கும் யார் சீட்டு எழுதினார், யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு ஒப்புதல் தந்தார், எது எதற்காகத் திரும்பியது என்ற நோட்டு அலுவலக மேசையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டலாம், கோரிக்கை எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது.

தாய்மார்களுக்கு ஒரு விஷயம். உங்கள் குடும்பத்துக்காக உதவி கேட்டு வந்தால், அறிவிப்பு வெளியாகும் நாள் காலையில் எங்களிடமிருந்து ஒரு போன் வரும். பெண் குரல்தான் பேசும். கேப்ஷனை அப்படியே வாசித்துக் காட்டும். ஒரு சொல் பிடிக்கவில்லையென்றாலும் சொல்லுங்கள், மாற்றுவோம். அறிவிப்பே வேண்டாம் என்றாலும் சரி, உதவி அதனால் நிற்காது, வேறு வழியில் ஏற்பாடு செய்வோம், இன்ஷா அல்லாஹ். போன் எடுக்காவிட்டால் அன்று போட மாட்டோம். ஆகவே பழைய நம்பரை மாற்றியவர்கள் இன்று போகும்போது வாசல் மேசையில் புது நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.